ஒரே ஃபிளீஸ் ஜாக்கெட்: நார்ம்கோரா, கோர்ப்கோரா, போஹோவா?

சாம்பல்நிறம்:

வீட்டில் ஒரு சின்ன வழக்கு, தீர்த்து வையுங்கள். நான் அநேகமாகத் தினமும் போடுவது சாம்பல் நிற ஃபிளீஸ் ஜாக்கெட், வெளுத்த நீல ஜீன்ஸ், ஒரு ஜோடி ரன்னிங் ஷூ. சாதாரண உடுப்பையே பாணியாக்குகிற நார்ம்கோர் இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தங்கையோ, "இது மலையேறுகிறவர்கள் உடுப்பை ஊருக்குள் போடுகிற கோர்ப்கோர்ண்ணா, நீ ஒரு குன்றுகூட ஏறியதில்லை, அது வேற விஷயம்" என்கிறாள்.

அவள் போஹோ கட்சி. அடுக்கு வைத்த நீளப் பாவாடை, குரோஷா மேற்சட்டை, கை நிறைய வளையல். போன வாரம் குளிருக்காக என் ஜாக்கெட்டை எடுத்து அந்தப் பாவாடைமேல் போட்டுக்கொண்டு போனாள். தோழிகள் எல்லோரும் "போஹோ சூப்பர்" என்றார்களாம். அதே ஜாக்கெட்! அப்படியென்றால் எதை வைத்துப் பிரிப்பது? உடுப்பையா, துணியையா, போடுகிறவரின் மனசையா?

பாதி_டெனிம்:

ரொம்ப எளிது ப்ரோ. நார்ம்கோர் என்றால் ஸ்டீவ் ஜாப்ஸ். கறுப்பு டர்டில்நெக், ஜீன்ஸ், நியூ பேலன்ஸ், தினமும் அதே. கோர்ப்கோர் என்றால் கோர்-டெக்ஸ் மழை ஜாக்கெட் போடுவது, பெயரே அதிலிருந்துதான் வந்தது. போஹோ என்றால் ஹிப்பி. உங்களுடையதில் கோர்-டெக்ஸ் இல்லை, அதனால் நார்ம்கோர். தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

மலைப்பாதை:

ஜீன்ஸ் போட்டு மலைக்குப் போகாதீர்கள். தயவுசெய்து. பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காய மணிக்கணக்காகும். ஃபிளீஸ் சரி. பாலியெஸ்டர் இழை தண்ணீர் குடிக்காது, உதறினாலே பாதி காய்ந்துவிடும். ஆனால் அது காற்றைத் தடுக்காது, மேலே காற்றை நிறுத்தும் ஒரு ஷெல் ஜாக்கெட் வேண்டும். பாவாடையோடு ஏறுவது பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சாம்பல்நிறம்:

ஐயா, நாங்கள் மலைக்கே போகவில்லை. கடைத்தெருவுக்குப் போகிறோம்.

ஊசிநூல்:

பல வருஷமாக பேட்டர்ன் வெட்டுகிறவள் நான், அதனால் துணியிலிருந்து பேசுகிறேன். முதலில் பாதி_டெனிம் தம்பிக்கு ஒரு திருத்தம். கோர்ப் என்பது கோர்-டெக்ஸ் இல்லை. மலையேறுகிறவர்கள் பையில் கொண்டுபோகும் வேர்க்கடலை, உலர்திராட்சைக் கலவைக்கு அமெரிக்காவில் சொல்லும் பெயர் அது. 2017இல் நியூயார்க் இதழின் தி கட் தளத்தில் ஜேசன் சென் எழுதிய கட்டுரையில்தான் அது உடைக்கான பெயர் ஆனது. அந்தக் கட்டுரை கோர்ப்கோரை நார்ம்கோருக்கு அடுத்து வந்ததாகவே காட்டியது. ஆகவே அண்ணனும் தங்கையும் ஒரே ஜாக்கெட்டுக்காகச் சண்டை போடுவதில் ஆச்சரியம் இல்லை, இரண்டு பாணியும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஜாப்ஸ் விஷயம் பாதி சரி. ஜீன்ஸும் ஷூவும் யாரும் வாங்கக்கூடியவை. அந்த டர்டில்நெக் ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அவருக்காகச் செய்துகொடுத்தது. பார்த்ததும் இன்னார் என்று தெரிகிற சீருடை அது. நார்ம்கோர் அதற்கு நேர் எதிர்த் திசை. கூட்டத்தில் கலந்துவிட வேண்டும், கண் நம்மைத் தாண்டிப் போக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 2013இல் நியூயார்க்கின் கே-ஹோல் என்ற போக்கு ஆய்வுக் குழு அதைப் பரப்பியபோது உடையைச் சொல்லவே இல்லை. எந்தக் கூட்டத்தோடும் சேர்ந்துகொள்ளும் மனநிலைக்குத்தான் அந்தப் பெயர். வேண்டுமென்றே சாதாரணமாக உடுத்துவதற்கு அவர்கள் வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிட்டன. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஜீன்ஸும் ஸ்வெட்ஷர்ட்டும்தான் ஞாபகம் வருகின்றன, ஆரம்பத்தில் அது மனசைப் பற்றியது.

உங்கள் ஜாக்கெட்டுக்கு வருவோம். மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் போலார்ஃபிளீஸைக் கொண்டுவந்தது. கம்பளியின் வெதுவெதுப்பு வேண்டும், எடையும் ஈரமும் வேண்டாம் என்பதுதான் நோக்கம். பாலியெஸ்டர் நூலைப் பின்னி, கம்பிப் பற்களால் சுரண்டி, பஞ்சு போல எழுப்பிவிடுவார்கள். பிறந்த இடம் மலைக்கூடாரம். அங்கிருந்து எல்லா வீட்டு அலமாரிக்கும் போய் அப்பாக்கள் போடும் ஜாக்கெட் ஆனபோது நார்ம்கோர் அதை எடுத்துக்கொண்டது. பிறகு கோர்ப்கோர் வந்து, "இது எங்கள் பொருள்" என்று திரும்பக் கேட்டது.

அதனால் ஃபிளீஸா இல்லையா என்பது கேள்வி இல்லை. அதன்மேல் என்ன தைத்திருக்கிறது என்று பாருங்கள். மார்பில் வேறு நிற நைலான் பாக்கெட், கீழ் விளிம்பில் இழுத்து இறுக்கும் எலாஸ்டிக் கயிறு, கையுறையோடு பிடிக்கிற மாதிரி ஜிப்பில் நாடா. இவை இருந்தால் அது கோர்ப்கோர், ஏனென்றால் உபயோகத்தை வெளியே காட்டுகிறது. ஒரே நிறம், சாதா ஜிப், முழங்கையில் உருண்டை உருண்டையாக முடிச்சு என்றால் உங்கள் பக்கம்.

சாம்பல்நிறம்:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அக்கா. கீழ் விளிம்பில் கயிறு இருக்கிறது! ஆனால் ஒரு பக்கம் அறுந்துபோய் உள்ளே சுருண்டு கிடக்கிறது. முழங்கையில் முடிச்சும் இருக்கிறது.

பாதி_டெனிம்:

அறுந்த கயிறு கணக்கில் வராது. நான்தான் ஜெயித்தேன்.

தேன்மொழி:

போஹோவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன், என் சொந்தக் கதைக்கும் விடை கிடைக்கும் என்ற ஆசையில். மூன்றடுக்கு ரேயான் பாவாடை ஒன்று ஆசையாகத் தைத்தேன். முதல் நாள் கணுக்கால் வரை இருந்தது. இரண்டு தடவை துவைத்து, இடுப்புப் பக்கம் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன். இப்போது தரையைத் துடைக்கிறது, நாலு சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. துணி துவைத்தால் சுருங்கும் என்றுதானே சொல்வார்கள்?

ஊசிநூல்:

தேன்மொழி, உங்கள் பாவாடையில்தான் போஹோவின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 30 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கின் சுற்றளவு 100 செ.மீ. ஒவ்வொரு அடுக்கையும் முந்தையதைவிட ஒன்றரை மடங்கு அகலமாக வெட்டிச் சுருக்கம் வைப்பது வழக்கம். ஆக அடுத்தது 150, கடைசி 225. மொத்தத் துணி சுமார் 1.4 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் ரேயான், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம், என்றால் பாவாடை ஏறக்குறைய 170 கிராம். அதில் 80 கிராம் கடைசி அடுக்கிலேயே இருக்கிறது. பாதி எடை கீழே, அதைத் தாங்கும் துணி மேலே குறுகலாக.

அந்தக் கீழ் எடைதான் நடக்கும்போது பாவாடையை ஆட வைக்கிறது. எங்கள் பாஷையில் ஃபால் நன்றாக இருக்கிறது என்போம். ரேயானுக்கு விறைப்பே கிடையாது, சுருக்கம் வைத்தாலும் உப்பாமல் உடம்போடு வழியும். இதே அளவை சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ் எடையுள்ள டெனிமில் வெட்டினால் 580 கிராம் வரும், சுருக்கம் மடியாமல் கூடாரம் மாதிரி நிற்கும். பாவாடை அதேதான், போஹோ மட்டும் காணாமல் போய்விடும்.

பிரச்சினையும் அங்கேயேதான். ரேயான் நனைந்தால் தன் பலத்தில் பாதியை இழந்துவிடும், கூடவே நிறையத் தண்ணீரும் குடிக்கும். பலம் பாதியாகி எடை கூடிய நேரத்தில் இடுப்பில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கீழடுக்கு மேலடுக்கை இழுக்காமல் என்ன செய்யும்? அடுத்த தடவை ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை அழுத்தி எடுத்துவிட்டு, தட்டையாக விரித்துக் காயப்போடுங்கள். வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்துவிட வேண்டும். தைத்தபின் கீழ்மடிப்பை உடனே அடிக்காமல் ஒரு நாள் தொங்கவிட்டு, அது இழுபட்டது போக விளிம்பை வெட்டிச் சமன் செய்துவிட்டு அடியுங்கள். இப்போதைக்குக் கீழே நாலு சென்டிமீட்டர் மடித்தால் போதும், மேலடுக்கைத் தொடவேண்டாம்.

தேன்மொழி:

நன்றி அக்கா! பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் தைத்திருந்தால் நீண்டிருக்காதோ?

ஊசிநூல்:

நீண்டிருக்காது. காலில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெயிலில் பளபளவென்று மின்னும், பத்து வருஷமானாலும் புதுசாகவே இருக்கும். அந்தக் கடைசிக் குணம் மற்ற எந்தப் பாணிக்கும் வரம், போஹோவுக்குச் சாபம். இந்த உடை "நான் பல இடம் போனவள், இது பல கை மாறி வந்தது" என்று சொல்ல வேண்டும். மெல்லிய வாயில் துணி, கைத்தறிப் பருத்தி, ஸ்வீடு தோல், கம்பளி எம்ப்ராய்டரி எல்லாமே பழசாவது கண்ணுக்குத் தெரிகிற துணிகள்.

குரோஷாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உண்மையான குரோஷாவை ஆலை இயந்திரம் பின்னாது, ஒவ்வொரு கண்ணியையும் ஒரு கை கொக்கியால்தான் இழுத்தாக வேண்டும். ஆகவே மலிவு விலையில் குரோஷா என்று போட்டிருந்தால் ஒன்று அது இயந்திரத்தில் பின்னிய லேஸ், இல்லையென்றால் பின்னியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கையின் மேற்சட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி மெல்லிய நூல் வலை மீட்டர் கணக்கில் ஓடி, ஓரத்தில் வெட்டித் தைத்திருந்தால் லேஸ். துண்டுகள் விளிம்போடு பின்னியே முடிந்திருந்தால் கை.

பழையபெட்டி:

நீங்கள் துணியைப் பேசுகிறீர்கள், பேரைப் பேச ஆளில்லை. பிரான்ஸில் ரோமா மக்களை பொஹீமியர் என்று அழைத்தார்கள், அவர்கள் பொஹீமியாவிலிருந்து வந்ததாகத் தவறாக நினைத்துக்கொண்டு. 1840களில் பாரிஸின் ஏழை எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவர்களில் பலர் பழைய கோட்டையும் கிடைத்த சால்வையையும் போட்டது பாணிக்காக இல்லை, கையில் காசு இல்லாததால். 1960களில் பணக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1969இல் மராக்கெஷ் மாடியில் டாலிதா கெட்டியைப் பிடித்த படம் இன்றும் போஹோவுக்கு முகவரி. எண்ணெய்ப் பணம் படைத்த குடும்பத்து மருமகள் அவர்! 2004 வாக்கில் சியன்னா மில்லரும் கேட் மாஸும் அதைப் பெல்ட்டும் பூட்டுமாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2024இல் க்ளோயே ஃபேஷன் நிறுவனத்தின் மேடையில் அதன் வடிவமைப்பாளர் செமேனா கமாலி மறுபடி உயிர் கொடுத்தார்.

இத்தனை கை மாறியும் முதலில் பேர் கொடுத்த மக்களுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அந்த நெருடலை வைத்துக்கொண்டு "பல இடம் போனவள்" என்று உடுப்பால் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசிநூல்:

நெருடல் எனக்கும் உண்டு. ஆனால் இதே குற்றச்சாட்டு மற்ற இரண்டுக்கும் பொருந்துமே. குன்று ஏறாதவர் மலை ஜாக்கெட் போடுகிறார், பணக்காரர் சாதாரண மனிதராக வேஷம் போடுகிறார்.

பழையபெட்டி:

மலைக்கு மனசு புண்படாது. மக்களுக்குப் புண்படும். அதுதான் வித்தியாசம்.

ஈரக்குடை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், இது கோர்ப்கோர் பற்றிய விவாத இழைதானே? எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் மூன்றடுக்கு மழை ஜாக்கெட் வாங்கினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் தினமும் போட்டேன், ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை, துவைத்தால் கெட்டுவிடும் என்று. இப்போது தோளிலும் முன்கையிலும் உள்ளே ஈரம். கம்பெனியிடம் கேட்டால் "ஓட்டை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுத்தானே?

மலைப்பாதை:

இதற்கு நான் பதில் சொல்லலாம், ஆடைப் பாணி தெரியாவிட்டாலும். ஏமாற்று இல்லை, துவைக்காததுதான் காரணம்.

ஜாக்கெட்டின் வெளித்துணி நைலான். அதன்மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கும். உள்ளே கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு. பாப் கோர் 1969இல் பிடிஎஃப்இ பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து நுண்துளை உள்ளதாக ஆக்கிய அதே வகைச் சவ்வு. துளை நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னது, ஆவி போகும் அளவு பெரியது. வியர்வையும் தோல் எண்ணெயும் அழுக்கும் வெளிப்பூச்சை மூடிவிட்டால் மழை முத்து முத்தாக உருளாமல் வெளித்துணியில் ஊறிவிடும். சவ்வு அப்போதும் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் ஊறிய துணி ஈரத் துண்டு மாதிரி மேலே மூடிக்கிடப்பதால் உங்கள் வியர்வை ஆவி வெளியே போகாது. உள்ளே குளிர்ந்து தண்ணீராகி ஒட்டும். நீங்கள் ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள்.

சோதித்துப் பாருங்கள். தோளில் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடினால் பூச்சு உயிரோடு இருக்கிறது. துணி கறுத்து ஊறினால் போய்விட்டது. தையல் கோட்டில் மட்டும் ஈரம் வந்தால் உள்ளே ஒட்டிய டேப் கழன்றிருக்கலாம், அது வேறு பிரச்சினை, உண்மையிலேயே ஒழுகல்.

ஜிப் எல்லாம் மூடி, கொஞ்சமாகத் திரவச் சோப்பு போட்டுத் துவையுங்கள். துணி மென்மையாக்கி மட்டும் வேண்டாம், அது பூச்சைக் கெடுக்கும். சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு தடவை அலசுங்கள். லேபிளில் அனுமதி இருந்தால், காய்ந்த பிறகும் உலர்த்தி இயந்திரத்தில் மிதமான சூட்டில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள், சூடு பட்டால் பூச்சு மீண்டும் விழித்துக்கொள்ளும். அப்படியும் ஊறினால் பூச்சைத் தெளித்துப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பழைய பூச்சில் இருந்த ஃபுளோரின் ரசாயனங்கள் சுற்றுச்சூழலில் அழியாது என்பதால் விலக்கிவருகிறார்கள். புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. கழுத்துப் பட்டையும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். ஆகவே புது ஜாக்கெட்டை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

ஈரக்குடை:

துவைத்தேன்! தோளில் தண்ணீர் முத்தாக ஓடுகிறது. முன்கை இன்னும் ஊறுகிறது, அங்கே தெளிக்க வேண்டும் போல. ஆனால் புழுக்கமான நாளில் மழை பெய்தால் இப்போதும் உள்ளே நசநசவென்றுதான் இருக்கிறது.

மலைப்பாதை:

அதற்கு மருந்து இல்லை. உள்ளே சூடும் ஈரமும் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் ஆவியைத் தள்ளுகிறது. வெளியேயும் வெக்கையும் ஈரமும் என்றால் தள்ள ஆள் இல்லை. அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். அது அழகுக்கு வைத்தது இல்லை.

ஊசிநூல்:

மலைப்பாதை ஐயா, உங்களுக்குப் பாணி தெரியாது என்று யார் சொன்னது? நீங்கள் சொன்ன கடைசி வரியில்தான் கோர்ப்கோரே இருக்கிறது. அக்குள் ஜிப், ஹெல்மெட்டின் மேலும் போடும் அளவு பெரிய தொப்பி, நடந்தால் சரசரக்கும் நைலான். "எது வந்தாலும் நான் தயார்" என்று அது அறிவிக்கிறது. 2022 வாக்கில் ஷவருக்கு அடியில் ஆர்க்டெரிக்ஸ் மழை ஜாக்கெட்டோடு நின்று வீடியோ போட்டார்களே, அது அந்த அறிவிப்பின் உச்சம். மழைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

போஹோ தன் கடந்த காலத்தைக் காட்டுகிறது, கோர்ப்கோர் இன்னும் வராத ஆபத்தைக் காட்டுகிறது. நார்ம்கோருக்கு இரண்டும் வேண்டாம், 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட், உட்புறம் வளைய நூல் தெரியும் பருத்தி ஸ்வெட்ஷர்ட், லைக்ரா இல்லாத நேர்வெட்டு ஜீன்ஸ் போதும். ஆனால் மூன்றிலும் செய்யக் கடினமானது அதுதான் என்பேன். துணி கொஞ்சம் நன்றாக இருந்தால்கூடப் போச்சு. அதே ஸ்வெட்ஷர்ட்டை காஷ்மீர் கம்பளி நூலில் பின்னினால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. கிட்டே வந்ததும் மென்புகை மாதிரி ஒரு ரோமம் தெரியும், எதிரில் இருப்பவர் மனசுக்குள் விலை போட ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அது சத்தமில்லாத ஆடம்பரம், நார்ம்கோர் இல்லை.

பாதி_டெனிம்:

அப்போ நான் சொன்ன ஜாப்ஸ்...

ஊசிநூல்:

ஜீன்ஸ் வரை விட்டுத்தருகிறேன் தம்பி.

பழையபெட்டி:

எல்லாம் சரி, தங்கை பாவாடைமேல் போட்ட ஃபிளீஸ் என்ன ஆயிற்று? முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஊசிநூல்:

என் கணிப்பு இது. மூன்று அடுக்குப் பாவாடை கண்ணை முழுக்க எடுத்துக்கொள்கிறது, அசைவும் அங்கேதான். ஃபிளீஸ் மேலே ஒரு பழைய, கடன் வாங்கிய பொருளாகத் தெரிகிறது. கடன் வாங்கியது என்பதே போஹோவுக்குப் பிடித்த கதை. அதே ஜாக்கெட்டின் கீழே பல பாக்கெட் வைத்த நைலான் பேன்ட்டும் மலை நடைக்கான சலோமோன் ஷூவும் போட்டால் கயிறும் ஜிப்பும் பேச ஆரம்பிக்கும். ஜீன்ஸ் போட்டால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஜாக்கெட்டுக்குக் கட்சி கிடையாது, கீழே இருக்கும் துணியின் எடையும் அசைவும்தான் முடிவு செய்கின்றன. மாறாகச் சொல்ல யாருக்காவது உதாரணம் இருந்தால் போடுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன்.

தேன்மொழி:

எனக்கு ஒத்துவரவில்லை அக்கா. என் ரேயான் பாவாடைமேல் சரசரக்கும் மழை ஜாக்கெட் போட்டுப் பார்த்தேன். போஹோவாகவே தெரியவில்லை, மழைக்குப் பயந்தவளாகத்தான் தெரிகிறேன். கீழே இருப்பதுதான் முடிவு செய்கிறது என்றால் இதுவும் போஹோ ஆகியிருக்க வேண்டுமே.

ஊசிநூல்:

நல்ல உதாரணம். நைலானின் மினுக்கும் சத்தமும் பாவாடையைத் தோற்கடிக்கிறது போல. யோசிக்கிறேன்.

சாம்பல்நிறம்:

தங்கையிடம் இந்த இழையைக் காட்டினேன். குரோஷாவைத் திருப்பிப் பார்த்தாள், ஓரம் வெட்டித் தைத்திருக்கிறது. லேஸ். ஒரு மணி நேரமாகப் பேசவில்லை. அப்புறம் வந்து அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு கோத்துத் தந்தாள், ஆரஞ்சு நிறத்தில். அது மட்டும் தனியாகத் தெரிகிறது.